துணிப் பையா, பிளாஸ்டிக் தொட்டியா?

சித்திரை, வைகாசியில் மாடித் தோட்டக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பது இது. காலையில் நிமிர்ந்து நின்ற கத்தரிச் செடி பிற்பகல் மூன்று மணிக்கு இலைகளைத் தொங்கவிட்டு நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஒரு சொம்பு கூடுதலாக ஊற்றுவோம். மறுநாளும் அதே வாட்டம், இன்னொரு சொம்பு. பத்து நாளில் அடி இலைகள் மஞ்சளாகி, செடி போய்விடும். பிடுங்கிப் பார்த்தால் மண் சேறாக இருக்கும், வேர் பழுப்பு நிறத்தில் கையோடு உரிந்து வரும்.

மண்ணில் தண்ணீர் இருந்தும் செடி வாடுகிறது என்றால், வேரால் அதை உறிஞ்ச முடியவில்லை என்று பொருள். மாடியில் இதற்கு முதல் காரணம் சூடு. அந்தச் சூடு பெரும்பாலும் தொட்டியின் பக்கச் சுவர் வழியாகத்தான் உள்ளே வருகிறது. துணிப் பை நல்லதா, பிளாஸ்டிக் தொட்டி நல்லதா என்று கேட்பவர்களிடம் நான் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தச் சுவரைப் பற்றித்தான் பேசுவேன்.

நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேலே இருக்கிறது. அப்போது வெயில் இலைமேல்தான் விழும். தொட்டியின் பக்கவாட்டில் அதிகம் படாது. மூன்று மணிக்கு மேல் சூரியன் மேற்கே சாயும்போது கதிர்கள் நேராகத் தொட்டிச் சுவரில் அடிக்கின்றன. அதே நேரத்தில் காலை முதல் காய்ந்த கான்கிரீட் தளமும் கீழிருந்து அனல் விடுகிறது. மே மாதத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாத அந்தத் தளத்தின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி என்றால், மேற்குச் சுவரை ஒட்டியுள்ள மண்ணும் அந்த அளவை நெருங்கிவிடும். காய்கறிச் செடிகளின் வேருக்குப் பிடித்தது 20 முதல் 30 டிகிரி வரை. 38, 40-ஐத் தாண்டினால் வேர் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். 45-க்கு மேல் சில மணி நேரம் நீடித்தால் வேர் நுனிகள் வெந்து சாகும். மெல்லிய, தண்ணீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் இழப்பு பெரிது. வெந்த வேரின் மேல் நாம் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றும்போது மண்ணில் காற்று குறைகிறது, அழுகல் தொடங்குகிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பால், இறைச்சி ஆகியவற்றின் சூட்டைப் பார்க்கப் பயன்படும் கம்பி வடிவ தெர்மாமீட்டர் கடைகளில் கிடைக்கிறது. மாலை மூன்றரை மணிக்கு அதைத் தொட்டியின் மேற்குச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, நான்கு அங்குல ஆழத்துக்குச் செருகுங்கள். பிறகு தொட்டியின் நடுவில் செருகுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால், செடியின் வேர் எந்தப் பக்கம் சாகிறது என்பது தெரியும்.

இனி துணிப் பைக்கு வருவோம். இதில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 'க்ரோ பேக்' என்று கேட்டால் பல கடைகளில் எடுத்துத் தருவது பச்சை நிறத்தில் நெய்யப்பட்ட எச்.டி.பி.இ. பை. தொட்டால் துணி மாதிரி இருக்கும். ஆனால் அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பக்கவாட்டில் காற்றும் போகாது, தண்ணீரும் கசியாது. அடியில் உள்ள துளைகள் வழியாகத்தான் வடியும். வெளியே வெள்ளையும் உள்ளே கறுப்புமாக வரும் பாலிதீன் பைகளும் அப்படித்தான். இவை மடக்கக்கூடிய பிளாஸ்டிக் தொட்டிகளே தவிர, துணிப் பைகள் அல்ல. உண்மையான துணிப் பை, கம்பளி போலத் தடித்த, நெய்யப்படாத ஜியோ ஃபேப்ரிக்கில் செய்தது. சந்தேகம் இருந்தால் வெறும் பையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பக்கச் சுவர் நனைந்து வெளியே ஈரம் பூத்தால் அது துணிப் பை.

அந்த ஈரம் பூப்பதில்தான் அதன் நன்மையும் தொல்லையும் அடங்கியிருக்கின்றன. மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியே இதுவும். சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரை 58 டிகிரி சூடேற்றக்கூடிய வெப்பம் அது. அவ்வளவும் சுவரிலிருந்தே வெளியேறிவிடுவதால், நல்ல ஈரத்தோடு இருக்கும் துணிப் பையின் உட்புறம் பக்கத்திலிருக்கும் கறுப்புத் தொட்டியைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும்.

நிபந்தனை அந்த ஈரம்தான். சுவர் காய்ந்துவிட்டால் ஆவியாக எதுவும் இல்லை. காய்ந்த கறுப்புத் துணியும் கறுப்பு பிளாஸ்டிக்கைப் போலவே வெயிலை விழுங்கும். போதாக்குறைக்கு உள்ளே மண்ணும் வறண்டிருக்கும். ஆகவே 'துணிப் பை குளிர்ச்சி' என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. தண்ணீரைச் செலவழித்துக் குளிர்ச்சியை வாங்கித் தரும் பை என்று சொல்வதுதான் சரி. எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் அடி விட்டமும் ஓர் அடி உயரமும் உள்ள பையை எடுத்துக்கொள்வோம். ஒற்றைக் கத்தரிச் செடிக்குப் பெரும்பாலோர் வாங்கும் அளவு இது. விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 22 லிட்டர் மண்கலவை பிடிக்கும். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் கலந்த நல்ல கலவை என்றால், வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீராக ஏறக்குறைய ஐந்து லிட்டரைத் தாங்கும். காய்க்கும் பருவத்தில் உள்ள கத்தரிச் செடி மே மாத வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தொட்டியில் இதோடு மேல்மண்ணிலிருந்து ஆவியாவது மட்டும்தான் கூடுதல் செலவு. காய்ந்த இலை மூடாக்கு இருந்தால் அதுவும் குறைவு. ஆக, ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செடி தாங்கும். இரண்டாம் நாள் மாலையில்தான் தவிக்கும்.

துணிப் பையில் பக்கச் சுவரையும் சேர்க்க வேண்டும். இந்த அளவுள்ள பையில் பக்கச் சுவரின் பரப்பு, மேல்மண்ணின் பரப்பைப்போல நான்கு மடங்கு. அதாவது நாம் பார்த்துக் கவலைப்படும் மேற்பரப்பைவிட நான்கு மடங்கு பரப்பிலிருந்து, நாம் பார்க்காமலே நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. கோடையில் அது நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாது. செடி குடிப்பதையும் சேர்த்தால் மூன்று லிட்டர் வரை போய்விடும். காலையில் நிரப்பிய பை மறுநாள் காலையில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும். பாதி காலியானபோதே பையின் மேல் பாகமும் சுவரோரமும் முழுக்கக் காய்ந்துவிடும் என்பதால், குளிர்ச்சி அதற்கு முன்பே நின்றுபோகிறது. அதனால்தான் கோடையில் துணிப் பைக்கு இரண்டு வேளைத் தண்ணீர் தேவைப்படுகிறது: காலை ஏழு மணிக்குள் ஒன்று, மாலை ஐந்து மணிக்கு மேல் ஒன்று. வெளியூர் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பினால் பிளாஸ்டிக் தொட்டிச் செடி வாடி நிற்கும், துணிப் பைச் செடி காய்ந்து போயிருக்கும்.

இதே கணக்கு ஒரு வழியையும் காட்டுகிறது. பையின் உயரம் அதே ஓர் அடி, விட்டம் மட்டும் இரண்டு அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர்ப் பரப்பு இரண்டு மடங்குதான் கூடும். மண்ணோ நான்கு மடங்கு, ஏறத்தாழ 89 லிட்டர் கொள்ளும். ஒவ்வொரு லிட்டர் மண்ணுக்கும் உள்ள சுவர் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஒற்றைச் செடிக்கு ஒரு சின்னப் பை என்று பத்துப் பை வைப்பதைவிட, மூன்று நான்கு செடிகளுக்கு ஒரு அகலமான பை என்று வைப்பது தண்ணீரை மிச்சப்படுத்தும், உள்ளே சூட்டையும் நிதானப்படுத்தும். துணிப் பை வாங்குவதாக இருந்தால் ஓர் அடிக்குக் குறைந்ததைக் கோடைக்கு வாங்கவே வேண்டாம் என்பேன். ஆறு அங்குலம், எட்டு அங்குலப் பைகள் மே மாதத்தில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். பெரிய பை நனைந்தால் கனம் அதிகம் என்பதால் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் அல்லது உத்தரம் ஓடும் இடங்களின் மேல் வைப்பது நல்லது.

ஊரைப் பொறுத்தும் கணக்கு மாறும். மதுரை, திருச்சி, வேலூர் போன்ற வறண்ட காற்றடிக்கும் ஊர்களில் துணிப் பை நன்றாகக் குளிரும், அதே வேகத்தில் காயும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கடற்காற்றின் ஈரப்பதத்தால் ஆவியாவது குறைவு; தண்ணீர் கொஞ்சம் தங்கும், குளிர்ச்சியும் கொஞ்சம் குறையும். ஆடிக் காற்று பலமாக அடிக்கும் திருநெல்வேலி, கோவைப் பக்கங்களில் வெயில் தணிந்த பிறகும் பை காய்ந்துகொண்டே இருக்கும். 'இப்போதுதான் வெயில் இல்லையே' என்று நினைத்து ஒருவேளைத் தண்ணீரை நிறுத்துபவர்கள் அந்த மாதத்தில்தான் செடியை இழக்கிறார்கள்.

தண்ணீர் ஊற்றும் முறையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கோகோபீட் அதிகம் சேர்த்த கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கிவிடும், தண்ணீரை ஏற்காது. ஊற்றிய நீர் சுவரோரமாக இறங்கி, துணி வழியாக வெளியே கசிந்து தரையில் ஓடும். அடியில் தண்ணீர் வந்துவிட்டதே, நிறைந்துவிட்டது போலும் என்று நாம் நகர்ந்துவிடுவோம். நடுவில் விரலை விட்டால் தூசு பறக்கும். இதற்கு ஒரே வழி இரண்டு தவணையாக ஊற்றுவது: முதலில் அரை லிட்டர், பத்து நிமிடம் கழித்து மீதி. முழுக்கக் காய்ந்த பையை ஓர் அகலத் தொட்டியில் நான்கு அங்குலத் தண்ணீருக்குள் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால், கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் தொட்டியில் அடித்துளை வழியாக மட்டுமே இது நடக்கும். துணிப் பையில் சுற்றிலும் நடக்கும். வெளியூர் போகும்போது இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் உள்ள பேசினில் பையை வைத்துவிட்டுப் போவதும் இதனால்தான் பலிக்கிறது. ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். அடிவேர் அழுகும், அதைவிட, தேங்கிய நீரில் டெங்கு கொசு முட்டையிடும்.

மாடியில் வெயிலில் கிடக்கும் ஓசைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலையில் குழாயைத் திறந்ததும் முதலில் வருவது வெந்நீர். கைபொறுக்கும் சூடு வரும்வரை அதை வாளியில் பிடித்துவைத்து ஆறிய பிறகு ஊற்றுங்கள். பை எதுவானாலும் அந்த முதல் வாளி வேருக்கு ஆகாது.

வேரைப் பற்றிப் பேசும்போது துணிப் பையின் பக்கம்தான் நியாயம் அதிகம். பிளாஸ்டிக் தொட்டியில் வேர் வெளிநோக்கி ஓடிச் சுவரில் முட்டுகிறது. முன்னால் போக வழியில்லாததால் சுவரோரமாகத் திரும்பிச் சுற்றத் தொடங்குகிறது. ஆறு மாதக் கத்தரிச் செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்துப் பார்த்தால், சும்மாடு சுருட்டியது போல அடியிலும் ஓரத்திலும் வேர் சுருண்டு கிடக்கும். நடுவில் உள்ள மண் ஏறக்குறையத் தீண்டப்படாமல் உதிரும். நாம் காசு கொடுத்து நிரப்பிய கலவையில் பாதி பயன்படவே இல்லை. சுருண்ட வேர்கள் இருப்பதோ, மாலை வெயிலில் மிக அதிகமாகச் சுடும் அந்தச் சுவரோரத்தில்.

துணிப் பையில் வேர் நுனி சுவரைத் தொட்டு, துணியின் இழைகளுக்குள் நுழைந்து, வெளிக்காற்றைச் சந்திக்கிறது. காற்றில் நுனி காய்ந்து நின்றுவிடும். நுனி நின்றதும் அதன் பின்னால் பக்கவேர்கள் கிளைக்கின்றன. மேலே கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிப்பதற்கு நிகரான வேலை இது. பை முழுதும் மெல்லிய வேர்கள் பரவும். மர நாற்றுகளில் வேர் சுருண்டால் மரம் பெரிதான பிறகு அதுவே கழுத்தை இறுக்கும் என்பதால், அமெரிக்காவின் ஓக்லஹோமா போன்ற இடங்களில் மர நாற்றங்கால்காரர்கள்தான் 1980-களில் துணிப் பையை முதலில் கையில் எடுத்தார்கள். காய்கறித் தோட்டத்துக்கு அது பிறகுதான் வந்தது.

அந்த வரலாற்றிலேயே ஓர் எல்லையும் இருக்கிறது. வேர் சுருள்வது நீண்ட நாள் நிற்கும் செடிக்குத்தான் பெரிய தீமை. கத்தரியை வெட்டிவிட்டு மறுதாம்பு எடுத்து ஒரு வருடம் வரை காய்பறிப்பவர்கள் உண்டு, மிளகாயும் அப்படி. இவற்றுக்குத் துணிப் பை உண்மையாகவே உதவும். மூன்று மாதத்தில் முடியும் வெண்டைக்கும் கொத்தவரைக்கும் வித்தியாசம் சொற்பம். 25, 30 நாளில் பிடுங்கிவிடும் முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் வேர் சுருள நேரமே கிடையாது. கீரைக்கு அகலமான ஆழமில்லாத பிளாஸ்டிக் ட்ரேயே போதும், அதில் தண்ணீரும் மிச்சம்.

காற்று வேரைக் கிள்ள வேண்டுமானால் சுவரைச் சுற்றிக் காற்று இருக்க வேண்டும். பைகளை ஒன்றோடொன்று இடித்து வைத்தால் ஒரு பையின் வேர் அடுத்த பைக்குள் போய்விடும். தரையில் நேராக வைத்தால், அடியில் சேரும் வண்டலுக்குள் வேர் இறங்கும், பையைத் தூக்கும்போது அறுபடும். இரண்டு வரிசைச் செங்கல் அல்லது இரும்பு ஸ்டாண்டு மேல் வைத்தால் வேரும் கிள்ளப்படும், தளத்தின் சூடும் ஏறாது, தளத்தில் பாசியும் பிடிக்காது. பிளாஸ்டிக் தொட்டிக்கும் இதே செங்கல் தேவைதான். தரையோடு ஒட்டினால் அடித்துளை அடைபடும்.

துணிப் பையில் பலர் கவனிக்காத தொல்லை உப்பு. போர்வெல் தண்ணீர் ஊற்றும் மாடிகளில் சில மாதத்தில் பையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். அது பூஞ்சணம் என்று நினைத்து மருந்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொட்டால் மாவு போல் உதிர்ந்து, தண்ணீர் பட்டால் கரைந்தோ மங்கியோ போனால் அது உப்பு. சுவர் வழியாக நீர் மட்டும் ஆவியாகிப் போக, அதில் இருந்த உப்பு அங்கேயே தங்குகிறது. மெல்லிய வேர்கள் நிறைந்திருப்பதும் அந்தச் சுவரோரத்தில்தான். இலை விளிம்பு காய்ந்து பழுப்பாவது உள்ளே உப்பு ஏறியதன் அடையாளம். மாதம் ஒருமுறை, பையின் கொள்ளளவுக்குச் சமமான தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிவழியே ஓடவிட வேண்டும். கிடைத்தால் மழைநீராக இருப்பது மேல். வெளிச்சுவரை ஈரத்துணியால் துடைத்தால் துணியின் கண்களும் திறக்கும். கலங்கலான உப்புத் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் தெருக்களில் வசிப்பவர்களுக்கு நான் துணிப் பையைப் பரிந்துரைப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை மூன்று நாள் விடாமல் பெய்தால் பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு துளை அடைபட்டாலும் தண்ணீர் நிற்கும், தக்காளி வேர் அழுகும். துணிப் பையில் தண்ணீர் நிற்க வழியே இல்லை. மழை விட்ட மறுநாள் சுற்றிலும் காற்று உள்ளே போய் மண் மூச்சுவிடும். மழைக்காலத் தக்காளிக்குத் துணிப் பையை வெல்ல ஒன்றும் இல்லை. உரம் கரைந்து போவது இரண்டிலும் உண்டு. மழை ஓய்ந்ததும் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டுவிட்டால் சரியாகும்.

துணிப் பையை வாங்கவோ இரண்டு வேளை தண்ணீர் ஊற்றவோ முடியாதவர்கள் பிளாஸ்டிக் தொட்டியையே வேருக்கு ஏற்றதாக்கலாம். கட்டட வேலை முடிந்த இடங்களில் கிடைக்கும் 20 லிட்டர் பெயின்ட் வாளி இதற்கு மிக நல்லது. வெள்ளை நிறம் என்பதால் கறுப்புத் தொட்டியைவிடச் சூடு குறைவு. உள்ளே நன்றாகக் கழுவி, அடியில் எட்டுத் துளையும், அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் சுற்றிலும் ஆறு துளையும் போட்டால் ஒரு துளை அடைபட்டாலும் வடிகால் நிற்காது. கோடையில் மேற்குப் பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். சாக்கை நனைத்துவிட்டால் துணிப் பையின் குளிர்ச்சியில் ஒரு பங்கு கிடைக்கும். மண்ணிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் அதற்காகப் போகாது. தொட்டிகளை நெருக்கி வைத்து, கீரை ட்ரேயையோ காலி வாளிகளையோ மேற்கு ஓரத்தில் நிறுத்தினால் பின்வரிசைச் சுவர்களில் வெயிலே படாது. துணிப் பையில் இடைவெளி வேண்டும், பிளாஸ்டிக்கில் நெருக்கம் வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி அடுக்குவதுதான் பல மாடிகளில் நடக்கும் தவறு.

எந்தப் பையானாலும் தண்ணீர் ஊற்றும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். மாலையில் வாடிய செடி மறுநாள் காலை ஆறு மணிக்கு நிமிர்ந்திருக்கிறதா? நிமிர்ந்திருந்தால் அது வெயில் வாட்டம்; நிழல்வலையும் சாக்கும் போதும், கூடுதல் தண்ணீர் வேண்டாம். காலையிலும் வாடியே இருந்தால் விரலை இரண்டாவது கணு வரை விடுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் நிறுத்துங்கள், வேரில்தான் கோளாறு.

வீட்டில் காலை மாலை இரண்டு வேளையும் மாடி ஏற ஆள் இருந்து, உப்பில்லாத தண்ணீரும் இருந்தால், கத்தரிக்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் ஓர் அடிக்கு மேல் அகலமுள்ள துணிப் பையை வாங்குங்கள். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீடாக இருந்தால், வெள்ளை வாளியும் கோணிச் சாக்கும்தான் உங்கள் செடியைக் காப்பாற்றும்.